பந்து எங்கே விழும்: விடையைச் சோதிக்கும் முறை

எறிபொருள் கணக்குகளில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, திசைவேகத்தின் கிடைத்தளக் கூறும் செங்குத்துக் கூறும் இடம் மாறிவிடுவது. மற்றது, பறக்கும் நேரத்தைத் தவறாக எடுப்பது. இரண்டுக்கும் ஒரே சோதனை போதாது.

15 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து, கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி சாய்வில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை எறிவதாகக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடலாம். ஈர்ப்பு முடுக்கம் 10. கிடைத்தளக் கூறு 20 cos 30°, அதாவது 17.3. செங்குத்துக் கூறு 20 sin 30°, அதாவது 10. பந்து தரையைத் தொடும் நேரத்தை 15 + 10t − 5t² = 0 என்ற சமன்பாடு தருகிறது. அதன்படி 3 நொடி; தூரம் ஏறத்தாழ 52 மீட்டர்.

பலர் இந்தச் சமன்பாட்டை எழுதுவதே இல்லை. மனப்பாடமாக இருக்கும் 2u sin θ/g சூத்திரத்தில் எண்களைப் போட்டு 2 நொடி என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் எறிந்த மட்டத்துக்கே பந்து திரும்பும்போதுதான் செல்லும். 2 நொடி முடிவில் நம் பந்து மாடியின் உயரத்தில், அந்தரத்தில் இருக்கிறது. நேரத்தை உயரச் சமன்பாட்டில் திரும்பப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: 15 + 20 − 20 = 15. தரையைத் தொட்டிருந்தால் சுழி வந்திருக்க வேண்டும்.

ஆற்றலை வைத்தும் பார்க்கலாம். தரையைத் தொடும் வேகத்தின் இருமடி u² + 2gh, அதாவது 700 ஆக வேண்டும். 3 நொடி முடிவில் கீழ்நோக்கிய வேகம் 20; 300 + 400 = 700, பொருந்துகிறது. 2 நொடிக்கு 400 தான் வரும்.

ஆனால் கூறுகள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனைகளை நம்பக் கூடாது. கிடைத்தளத்தில் 10, செங்குத்தில் 17.3 என்று மாற்றிப் போட்டால் நேரம் 4.18 நொடி, தூரம் 42 மீட்டர். விடை தவறு, ஆனால் உயரம் சுழியாகிறது, ஆற்றலும் அதே 700 வருகிறது. எந்தத் திசையில் எறிந்தோம் என்பதை ஆற்றல் கணக்குப் பார்ப்பதில்லை. சமதரைக் கணக்கில் இன்னும் மோசம்: 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் கிடைத்தள நெடுக்கம் ஒன்றே என்பதால், கூறுகளை மாற்றியவருக்கும் சரியான தூரமே கிடைக்கும்!

இடமாற்றத்தைப் பிடிக்கக் கோணத்திடம்தான் போக வேண்டும். செங்குத்துக் கூறைக் கிடைத்தளக் கூறால் வகுத்தால் tan 30°, அதாவது 0.58 வர வேண்டும். 1.73 வந்தால் மாற்றிவிட்டோம் என்று பொருள். கோணத்தை 45 டிகிரியோடு ஒப்பிட்டாலே போதும்: குறைவாக இருந்தால் கிடைத்தளக் கூறு பெரிது, கூடுதலாக இருந்தால் செங்குத்துக் கூறு பெரிது.

இந்தப் பிழை பெரும்பாலும் ‘cos என்றால் கிடைத்தளம்’ என்று உருப்போடுவதில் தொடங்குகிறது. கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து கொடுத்திருந்தால் cos செங்குத்துக்குப் போய்விடும். அப்போது வகுத்துப் பார்க்கும் சோதனைக்கு முன், 90 டிகிரியிலிருந்து கோணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.