சரிபோலத் தெரியும் பிழை

விடைத்தாளின் ஓரத்தில் – 7

பரீட்சைக்கு அமரப்போகும் பிள்ளைகளுக்கு,

இந்த வாரம் புதுப் பாடம் தொடங்கப்போவதில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முதலாம் ஆண்டுப் பொருளியலுக்கு ஆயத்தமாகிறவர்கள் செய்து தந்த பயிற்சித் தாள்கள் ஒரு கட்டாக என் மேசையில் கிடக்கின்றன. எல்லை வருமானக் கணக்கும் சமநிலைக் கணக்கும். பொருளியல் தெரியாமல் பிழை விட்டவர்கள் அதில் குறைவு. கோட்பாட்டை ஒரு பக்கத்துக்கு ஒழுங்காக எழுதிவிட்டு, ஒரு கழித்தல் குறியில் வழுக்கி விழுந்தவர்கள்தான் கூட.

வழுக்குவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் விழுந்தது உடனே தெரியும். விலை மறைப் பெறுமானமாக வந்து நிற்கும். மற்றதில் விடை முழு எண்ணாக, பார்க்க அழகாக வரும். கீழே இரண்டு கோடும் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். எனக்குப் பயம் இந்த இரண்டாவதில்தான்.

கணக்கு இது. முல்லைத்தீவுக் கரையில் மீன் வாடிகளுக்கு ஐஸ்கட்டி விற்க ஒரேயொரு ஆலைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் விற்கும் கட்டிகள் Q, ஒரு கட்டியின் விலை P ரூபா. (எண்களைக் கணக்குக்காகச் சின்னதாக்கியிருக்கிறேன். இன்றைக்கு ஐஸ் என்ன விலை தெரியுமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

Q = 120 − 2P
TC = 200 + 12Q + 0.25Q²

இலாபம் உச்சமாக எத்தனை கட்டி, என்ன விலை?

எல்லை வருமானம் எல்லைச் செலவுக்குச் சமன், MR = MC, என்பது எல்லாருக்கும் தெரியும். கேள்விக் கோடு நேர்கோடாக இருந்தால் எல்லை வருமானக் கோட்டின் படித்திறன் அதைப்போல் இரண்டு மடங்கு என்பதும் தெரியும். அந்த இரண்டாவது விதியைப் பாதியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் வினை. கட்டில் நான் கண்ட தாள்களில் அடிக்கடி வந்த வரி இது:

MR = 120 − 4Q

2 இருந்தது, 4 ஆக்கியாயிற்று. 120 − 4Q = 12 + 0.5Q என்று எழுதினால் 108 = 4.5Q, ஆகவே Q = 24. கேள்விச் சமன்பாட்டில் போட்டால் P = 48. எவ்வளவு துப்புரவான விடை! பின்னம் இல்லை, மறை எண் இல்லை. விலையும் நியாயமாக இருக்கிறது. ஆனால் பிழை.

இரட்டிப்பு விதி, விலையை அளவின் சார்பாக எழுதிய சமன்பாட்டுக்குத்தான் பொருந்தும். தந்திருப்பதோ அளவை விலையின் சார்பாக. முதலில் திருப்ப வேண்டும்: 2P = 120 − Q, ஆகவே P = 60 − 0.5Q. இந்த 0.5 தான் இரண்டு மடங்காகும். மொத்த வருமானம் 60Q − 0.5Q²; அதை வகையிட்டால் MR = 60 − Q.

இந்தத் திருப்பும் வேலை நம் தலையில் விழுந்ததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1838இல் பிரெஞ்சுக்காரர் கூர்னோ, ஊற்று நீரைத் தனியுரிமையாக வைத்திருப்பவனின் கணக்கைச் செய்தபோது, அளவை விலையின் சார்பாகவே எழுதினார். 1890இல் வந்த மார்ஷலின் நூலிலோ விலை நிலைக்குத்து அச்சில் ஏறி உட்கார்ந்தது. பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. ஆக, வினாத்தாளில் சமன்பாடு கூர்னோ வழியில் வருகிறது, நீங்கள் கீறும் வரைபடம் மார்ஷல் வழியில் நிற்கிறது. நடுவில் நின்று திருப்பவேண்டியவர் நீங்கள்.

திருப்பும்போதும் ஒரு குழி உண்டு. P = 120 − 0.5Q என்று எழுதுகிறவர்கள் Q ஐ 2 ஆல் வகுத்துவிட்டு 120 ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. Q ஐப் பூச்சியமாக்குங்கள். P = 60 என்று வரவேண்டும். அதை மூலச் சமன்பாட்டில் போட்டால் 120 − 120 = 0. சரி. 120 ஐப் போட்டால் −120 கட்டி என்று வரும்.

இனிச் சரியான வழி. 60 − Q = 12 + 0.5Q. இங்கேயும் சிலர் வலப்பக்க 0.5Q இருந்த இடத்திலேயே இருக்க, −Q ஐக் குறி மாற்றாமல் அதனருகே கொண்டுபோய் வைக்கிறார்கள்: 48 = 0.5Q − Q. பிறகு வரும் −0.5 இன் கழித்தல் குறியையும் வழியில் தொலைத்துவிட்டு Q = 96 என்று முடிக்கிறார்கள். குறி மாற்றினால் 48 = 1.5Q, Q = 32. விலை P = 60 − 16 = 44. இந்த இடத்தில் 32 ஐ MR இல் போட்டு விலை 28 என்று எழுதுகிறவர்களும் உண்டு. 28 என்பது எல்லை வருமானம். வாடிக்காரர் தரும் காசு கேள்விச் சமன்பாட்டில்தான் இருக்கிறது.

இலாபத்தை நேரே எழுதி வகையிடுகிறவர்கள் விழும் குழி அடைப்புக்குறி. மொத்த வருமானத்திலிருந்து மொத்தச் செலவு முழுவதையும் கழிக்க வேண்டும். அடைப்பைப் போடாமல் 60Q − 0.5Q² − 200 + 12Q + 0.25Q² என்று எழுதினால் முதல் உறுப்பை மட்டும் கழித்து மற்ற இரண்டையும் கூட்டியதாகிறது. செலவு வருமானமாகிவிடும். வகையிட்டால் 72 − 0.5Q = 0, Q = 144, விலை −12. அதாவது ஐஸும் கொடுத்து, கட்டிக்குப் பன்னிரண்டு ரூபாவும் கொடுத்து அனுப்புகிற முதலாளி.

96, 144 இரண்டையும் பிடிக்க ஒரு நிமிடம் கூட வேண்டாம். MR = 60 − Q என்பதில் Q 60 ஐத் தாண்டினால் எல்லை வருமானம் மறையாகிவிடும். இன்னொரு கட்டி விற்றால் மொத்த வருமானமே குறையும் இடத்தில் எந்தத் தனியுரிமையாளனும் நிற்கமாட்டான். நேர்கோட்டுக் கேள்வியில் அந்த எல்லை எப்போதும் கோட்டின் நடுப்புள்ளி, 120 இன் பாதி. கூர்னோவின் ஊற்றுக்காரனுக்குச் செலவே இல்லாததால் அவன் சரியாக அந்த எல்லையில் நின்றான். எல்லைச் செலவுள்ளவன் அதற்கு இடப்பக்கம்தான்.

ஆனால் 24 இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைப் பிடிக்கப் பக்கத்து எண்ணைப் பார்க்க வேண்டும். 24 கட்டி விற்கும்போது விலை 48. இருபத்தைந்தாவதை விற்க விலையை 47.50 ஆக்க வேண்டும். அந்தக் கட்டிக்கு 47.50 வருகிறது. ஆனால் 48க்குப் போயிருக்கக்கூடிய 24 கட்டிகளிலும் ஐம்பது ஐம்பது சதமாகப் பன்னிரண்டு ரூபா போகிறது. மிச்சம் 35.50. (படித்திறன் இரட்டிப்பாவதும் இதனால்தான், புதிய கட்டி பழைய கட்டிகளின் விலையையும் இழுத்துவிடுகிறது.) செலவோ 24.25 தான் கூடுகிறது. பதினொரு ரூபாவுக்கு மேல் கிடைக்கும்போது ஆலைக்காரர் ஏன் 24இல் நிறுத்துகிறார்? இலாபத்தையும் பார்த்துவிடுங்கள்: 24இல் 520, 32இல் 568. விடை எழுதியபின் ஒன்று கூட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஓரத்தில் மூன்று வரிக்குள் அடங்கும்.

அடுத்தது சமநிலை. இது என் சொந்தப் பிழையோடு சேர்ந்த கதை.

கிளிநொச்சியில் சனிக்கிழமை வகுப்பொன்று. கச்சான் சந்தையை எடுத்திருந்தேன். கேள்வி அதே Qd = 120 − 2P; நிரம்பல் Qs = −30 + 3P. அந்த −30 ஐக் கண்டதும் பலர் மிரண்டு +30 ஆக்கிவிடுவார்கள். மறை அளவில் கச்சான் எப்படி என்று கேட்பார்கள். அது அளவு இல்லை. விலை 10 ரூபாவுக்குக் கீழே போனால் ஒருவரும் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றமாட்டார்கள் என்பதைத்தான் அந்த −30 சொல்கிறது. 120 + 30 = 5P, P = 30, Q = 60. இதுவரை நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

பிறகு விற்பவரிடம் அலகுக்கு 10 ரூபா வரி அறவிடுவதாகச் சொன்னேன். பின்னேர வெயில், களைப்பு. வரி என்றால் விலையோடு சேர்வதுதானே என்று கை தானாகவே எழுதியது: Qs = −30 + 3(P + 10). விரித்தால் 3P. 120 = 5P; விலை 24, அளவு 72. கோடும் அடித்துவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். வீட்டில் கச்சான் போடுகிறவர்கள்.

"சேர், வரி போட்டா விலை குறையுமோ?"

"ஏன் பிள்ளை?"

"முதல் முப்பது. இப்ப இருபத்திநாலு. அதோட சனம் கூடவும் வாங்குது. அப்பிடியெண்டா எல்லாத்துக்கும் வரி போடலாமே."

வகுப்புச் சிரித்தது. நானும் அழிப்பானைத் தேடினேன்.

சமன்பாட்டில் P என்று வாங்குபவர் கொடுக்கும் விலையை வைத்தால், விற்பவர் கைக்கு வருவது P − 10. அவர் அதைப் பார்த்துத்தான் நிரம்பல் செய்கிறார். ஆகவே Qs = −30 + 3(P − 10) = −60 + 3P. 180 = 5P, விலை 36, அளவு 48. விற்பவர் கையில் 26. அதை மூல நிரம்பலில் போடுங்கள்: −30 + 78 = 48. பொருந்துகிறது. பத்தில் ஆறு ரூபா வாங்குபவர் தலையில், நாலு ரூபா விற்பவர் தலையில்.

இங்கேயும் அந்த அழகான பிழை இருக்கிறது. 10 ஐ அடைப்புக்கு வெளியே கழித்து −30 + 3P − 10 என்று எழுதுவது. 160 = 5P, விலை 32, அளவு 56. விலை ஏறியிருக்கிறது, அளவு குறைந்திருக்கிறது, எண்ணும் முழு எண். அந்தப் பிள்ளையின் கேள்விக்குக்கூட இது அகப்படாது. விற்பவர் கையில் எவ்வளவு என்று பார்த்தால்தான் அகப்படும். 32இல் 10 போனால் 22. 22க்கு அவர் கொண்டுவருவது −30 + 66 = 36. சந்தையில் 56 விற்றதாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற இருபதும் எங்கேயிருந்து வந்தது? விலையிலிருந்து கழிக்க வேண்டிய பத்தை அளவிலிருந்து கழித்ததால் வந்த இருபது அது.

கரும்பலகையில் நான் எழுதிய 24, 72 ஐ அன்று முழுதாக அழிக்கவில்லை. மேலே "வரி" என்றிருந்ததை மட்டும் துடைத்துவிட்டு "மானியம்" என்று எழுதினேன். அலகுக்குப் பத்து ரூபா மானியம் கொடுத்தால் விற்பவர் கைக்கு வருவது P + 10, அதாவது 34; −30 + 102 = 72. சரியான விடைதான், கேள்விதான் வேறு.