இரு முனைகளுக்கு இடையே

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் கதிரவ மின்தகடு பதித்த வீட்டுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நண்பகலில் வெயில் நன்கு காய்கிறது. இன்வெர்ட்டரோ `AC V Outrange` என எழுதிவிட்டு மின்னாக்கத்தை நிறுத்திவிடுகிறது. அரை மணி கழித்துத் தானே மீள்கிறது, மறுபடியும் நிற்கிறது. கருவி கெட்டுவிட்டதென்றே அவர் முடிவு கட்டுவார். பெரும்பாலும் கருவி தன் கடமையைத்தான் செய்திருக்கும்.

நடுவண் மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, மின்னழுத்தம் இயல்பளவில் 110 விழுக்காட்டைத் தாண்டினாலோ 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினாலோ, இத்தகைய கருவி இரண்டு நொடிக்குள் மின்கட்டமைப்பிலிருந்து விலக வேண்டும். 230 வோல்ட்டுக்கு மேல்வரம்பு 253 வோல்ட். விலகிய பின் அழுத்தமும் அலைவெண்ணும் குறைந்தது 60 நொடி நிலையாக இருந்தால்தான் மீண்டும் இணையலாம். மின்தடையின்போது கம்பத்தில் ஏறிப் பணிசெய்பவரின் உயிரைக் காப்பதும் இந்த விலகல்தான். ஆதலால் அதைத் தடுக்கும்படி வரம்புகளை மாற்றச் சொல்வது தவறு.

கருவி அறிவது தன் முனையில் உள்ள அழுத்தத்தை மட்டுமே. 3 கிலோவாட் கருவி முழுவீச்சில் 13 ஆம்பியர் அனுப்புகிறது எனக் கொள்வோம். மீட்டர் வரையுள்ள தொலைவு 40 மீட்டர். இழுத்திருப்பது 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி. போக்கும் வரத்துமாக அதன் தடை ஏறத்தாழ 0.6 ஓம். 13ஐ 0.6ஆல் பெருக்கினால் 7.8 வோல்ட். மின்னோட்டம் வீட்டிலிருந்து வெளியே செல்வதால் இந்த 7.8 வோல்ட் கருவிமுனையில் கூடுதலாக ஏறும். மீட்டரில் 246 வோல்ட் இருந்தால் கருவி காண்பது 253.8 வோல்ட், உடனே விலகிவிடும். காலையில் மின்னோட்டம் சிறிது, ஆகவே பிழையில்லை. அருகிலுள்ள தொழிற்கூடங்கள் ஓயும் ஞாயிறு நண்பகலில் பொது வழித்தடத்தின் சுமை குறைந்து அழுத்தம் உயரக்கூடும். பிழை அன்று மிகுந்தால் அதுவும் ஒரு தடயம்.

ஆகவே ஆளை அழைக்குமுன், பிழை தோன்றும் வேளையில் மீட்டரின் திரையில் மாறிமாறி வரும் அளவுகளில் வோல்ட்டைப் பாருங்கள். அதே நேரத்தில் இன்வெர்ட்டரின் திரையையும் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்தால் குறை வீட்டுக் கம்பியிலோ தளர்ந்த இணைப்பிலோ உள்ளது. தடித்த கம்பி தீர்வு. கருவி நின்றிருக்கும்போதும் மீட்டரே 253ஐத் தாண்டினால் குறை மின்வாரியத்தின் பக்கம். சுமையைப் போட்டு அணைக்கும்போது மீட்டர் அழுத்தம் மிகத் தாழ்ந்தும் மிக உயர்ந்தும் அலைந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். முதன்மை இணைப்பைத் துண்டித்துவிட்டு வாரியத்தை உடனே அழையுங்கள். அதில் காத்திருக்க இடமில்லை. `No AC Connection` என்பது வேறு கதை: பக்கத்து வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, கருவியின் எம்.சி.பி. கீழே விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். விழுந்ததை ஒருமுறை ஏற்றலாம். மீண்டும் விழுந்தால் விட்டுவிட வேண்டும்.

மின்கலத்துடன் இயங்கும் இன்வெர்ட்டர் காட்டும், மின்கலம் தாழ்ந்தது என்னும் எச்சரிக்கையிலும் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கும் அதே விதிதான் ஆள்கிறது; மின்னோட்டத்தின் திசை மட்டும் வேறு. 12 வோல்ட் ஈயக்கலம் 700 வாட் சுமையைத் தாங்கும்போது ஏறத்தாழ 70 ஆம்பியர் பாய்கிறது. பச்சை பூத்த ஒரே முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலும் 1.4 வோல்ட் அங்கே தொலைந்துபோகும். கலத்தில் 11.8 வோல்ட் நிற்க, கருவி 10.4 வோல்ட்டைக் கண்டு, 10.5இல் துண்டிக்கும் அமைப்பானால் அணைந்துவிடும். சுமை நீங்கியதும் இழப்பும் நீங்குவதால் திரையில் 12.5 வோல்ட் தெரியும். இந்த மீட்சியே பலரை ஏமாற்றிப் புதுக் கலம் வாங்கவைக்கிறது. அம்முனையில் ஏறத்தாழ 100 வாட் வெப்பமாகிறது. உறை உருகிய வாடை, கருகிய நிறம் ஆகியவை சான்று.

உறுதிசெய்ய, சுமை ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முள்ளைக் கலத்தின் நேர்முனை ஈயத்தண்டிலும், மற்றதை இன்வெர்ட்டரின் நேர்முனையிலும் வையுங்கள். எதிர்முனைகளிலும் அவ்வாறே அளக்க வேண்டும். முள்ளைக் கம்பியின் காதில் வைத்தால் கெட்ட இணைப்பு அளவைக்குள் வராமல் போகும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் இணைப்பில். இழப்பு மிகச் சிறிதாக இருந்து, ஈயத்தண்டுகளுக்கு இடையிலேயே அழுத்தம் விரைந்து சரிந்தால் கலம் நிறையவில்லை, அல்லது நலிந்துவிட்டது. முந்தைய நாள்கள் மழைமூட்டமா எனவும் காய்ச்சிவடித்த நீரின் மட்டத்தையும் பார்த்தபின் அம்முடிவுக்கு வரலாம்.

முனையைத் துடைக்க முதலில் சுமைகளை அணைத்து, வாரிய இணைப்பையும் தகட்டின் துண்டிப்பானையும் நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்து, பிறகு எதிர்முனையைக் கழற்ற வேண்டும். கலத்தின் மூடிகள் மூடியிருக்க, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலின் தடவலாம். தகட்டிலிருந்து வரும் கம்பிகளின் இணைப்பியை மட்டும் வெயிலில் பிரிக்கக் கூடாது. நேர்மின்னோட்டத்தின் தீப்பொறி எளிதில் அணையாது. இன்வெர்ட்டரின் மூடிக்குள்ளும் முத்திரையிட்ட மீட்டர் பெட்டிக்குள்ளும் கை வைக்கக் கூடாது. வல்லுநர் வரும்போது பிழை வந்த நேரமும், அப்போது இரு முனைகளிலும் அளந்த வோல்ட்டும், ஓடிய சுமையும் எழுதியிருந்தால், எந்தக் கம்பியிலிருந்து தொடங்குவது என அவர் உடனே அறிவார்.