சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்

இரண்டு மீட்டர் உயரமுள்ள தடித்த இரும்புக் குழாய். அடியில் ஒரு கீல். கீலோடு ஒரு வலுவான ஸ்பிரிங். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை நிமிர்த்தப் பார்க்கும். குழாயின் உச்சியில் எடைக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினால் எவ்வளவு வரை தாங்கும்?

இரும்பு எவ்வளவு உறுதியானது என்பதைக் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. குழாய் நசுங்கவும் போவதில்லை, வளையவும் போவதில்லை. ஒரு கட்டத்தில் அப்படியே சரிந்துவிடும். அந்தக் கட்டத்துக்குரிய சுமையைப் பொறியாளர்கள் மாறுநிலைச் சுமை என்கிறார்கள். குழாயின் உயரமும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

கணக்கில் பலரும் தடுமாறும் இடம் முதல் அடிதான். குழாய் நேராக நிற்கும்போது சுமை கீலின் வழியாக நேரே தரைக்கு இறங்குகிறது; ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. அந்த நிலையில் சமநிலைச் சமன்பாடு எழுதினால் பூஜ்யமும் பூஜ்யமும் சமம் என்றுதான் வரும். பத்துக் கிலோ வைத்தாலும் பத்து டன் வைத்தாலும் அதே விடைதான். அதனால் குழாயைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, அந்தச் சாய்ந்த நிலையில் எழுத வேண்டும். முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

சாய்ந்ததும் சுமை கீலுக்கு நேர்மேலே இல்லாமல் பக்கவாட்டில் விலகிவிடுகிறது. அந்த விலகலைச் சுமையால் பெருக்கினால் குழாயைக் கவிழ்க்கும் திருப்புமை கிடைக்கும். சாய்வு சிறிதாக இருக்கும்வரை விலகல் என்பது உயரத்தைக் கோணத்தால் பெருக்கியது. ஸ்பிரிங்கின் திருப்புமை, அதன் விறைப்பைக் கோணத்தால் பெருக்கியது. இரண்டும் சமம் என்று வைத்தால்:

P × L × θ = k × θ

இரு பக்கமும் இருக்கும் கோணத்தை அடித்துவிட்டால் மிஞ்சுவது P = k / L. கோணம் காணாமல் போனது தற்செயல் இல்லை. இந்தச் சுமையில் குழாய் எந்தச் சிறு சாய்விலும் சமநிலையில் நிற்கும். விட்ட இடத்திலேயே நிற்கும், நிமிரவும் நிமிராது, விழவும் விழாது. சுமை இதைவிடக் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும், கூடினால் சுமை ஜெயிக்கும்.

இனி எண்கள். சுமை ஏதும் இல்லாத குழாயின் உச்சியைப் பக்கவாட்டில் 7.5 கிலோ விசையால் இழுத்தபோது 10 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். திருப்புமை 7.5 × 2 = 15 கிலோ மீட்டர். கோணம் 0.1 / 2 = 0.05 ரேடியன். ஆக ஸ்பிரிங்கின் விறைப்பு ரேடியனுக்கு 300 கிலோ மீட்டர்; மாறுநிலைச் சுமை 300 / 2 = 150 கிலோ. குழாயின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டுமானால் அதில் பாதியை உச்சிச் சுமையோடு கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் அது பாதி உயரத்தில் இருந்து இறங்குகிறது.

கிடங்குகளில் வரிசையாக நிற்கும் ரேக் கால்களின் அடித்தகடும் போல்ட்டும் இப்படி ஒரு ஸ்பிரிங்போலத்தான் வேலை செய்கின்றன. போல்ட் தளர்ந்தால் விறைப்பு குறையும். கால் புத்தம் புதிதாகத் தெரியும். தாங்கும் சுமை மட்டும் இறங்கிவிடும்.

நிஜத்தில் எந்தக் கம்பமும் அச்சு அசலாக நேராக நிற்பதில்லை. மேற்சொன்ன குழாய் தொடக்கத்திலேயே 1 பாகை சாய்ந்திருந்தால் 75 கிலோவில் அது 2 பாகையாகும். 120 கிலோவில் 5. 135 கிலோவில் 10. கடைசி 15 கிலோ கூடியதில் சாய்வு இரண்டு மடங்காகிறது. ஆகவே 150 கிலோவை எட்டுமுன்பே ஸ்பிரிங்கோ கீலோ கெட்டுப்போகும். கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே 1907 ஆகஸ்ட் 29 அன்று இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே உடைந்தவை ஸ்பிரிங் வைத்த கம்பங்கள் அல்ல, அழுத்தம் தாங்கிய பெரிய எஃகு உறுப்புகள். ஆனால் அவற்றின் வளைவு நாளுக்கு நாள் கூடுவதை விபத்துக்கு முன்பே அளந்திருந்தார்கள். கூடிக்கொண்டே போகும் வளைவுதான் அபாயத்தின் அறிகுறி. அதைக் கண்டதும் சுமை ஏற்றுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

குழாயைக் கவிழ்க்காமலே மாறுநிலைச் சுமையை அளக்கவும் வழி உண்டு. உச்சியில் 50 கிலோ வைத்துவிட்டு அதே 10 சென்டிமீட்டர் நகர்த்த 5 கிலோ விசை போதும். ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கைச் சுமையே தின்றுவிடுகிறது. 100 கிலோ வைத்தால் 2.5 கிலோ போதும். இந்தப் புள்ளிகளை வரைபடத் தாளில் குறித்து நேர்கோடு போட்டு நீட்டினால், இழுவிசை பூஜ்யமாகும் இடத்தில் 150 கிலோ என்று படிக்கலாம்.