எச்.ஆர். எழுதப்போகும் அந்த ஒரு வரி

ராஜினாமா மெயில் போய், 90 நாள் நோட்டீஸ் காலமும் கரைந்து, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது காலண்டரில் ஓர் அழைப்பு வந்து உட்காரும்: ‘எக்ஸிட் இன்டர்வியூ, 30 நிமிடம்’. இத்தனை வருஷம் லிஃப்டில் பார்த்தால்கூடத் தலையசைக்காத எச்.ஆர். அதிகாரி எதிரே உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, “மனசுல இருக்கறத ஓப்பனா சொல்லுங்க, எல்லாம் கான்ஃபிடென்ஷியல்தான்” என்பார். மோசமான இடத்தைவிட்டுக் கிளம்புகிறவருக்கு இதைவிடப் பெரிய சபலம் கிடையாது.

அந்த நேரத்தில் அவருடைய திரையில் என்ன திறந்திருக்கிறது என்பது தெரிந்தால் சபலம் கொஞ்சம் அடங்கும். பெரும்பாலும் அது ஒரு படிவம். ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில் சம்பளம், மேற்படிப்பு, ஊர் மாற்றம், மேலாளர் என்று நாலைந்து தேர்வுகள். கீழே குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம். பல நிறுவனங்களில் இன்னொரு கேள்வியும் இருக்கும்: ‘இவரை மறுபடி வேலைக்கு எடுக்கலாமா?’ அரைமணி நேரம் கொட்டித் தீர்த்ததெல்லாம் கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு வரியாகச் சுருங்கும். அந்த வரியை யார் எழுதுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பேசுகிறவர் தெளிவாகக் கொடுத்தால் அவர் சொன்னதே வரியாகும். கொடுக்காவிட்டால் எச்.ஆர். தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்வார்.

பெருங்குடிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால், ராஜீவ் காந்தி சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கதை காதில் விழும். டீம் லீடு சனிக்கிழமைகளில் வரச்சொல்கிறார், அதற்கு ஈடான காம்ப்-ஆஃப் விடுமுறையைத் தருவதில்லை, கிளையன்ட் காலில் இவருடைய வேலையைத் தன் வேலையாகக் காட்டிக்கொள்கிறார். கோபத்தோடு உள்ளே போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அவர் ரொம்ப டாக்சிக் மேடம். ஆள் பார்த்து நடத்துவார். டீம்ல யாருக்குமே அவரைப் பிடிக்காது. என் பக்கத்து சீட்ல இருக்கறவர்கூட பேப்பர் போடப்போறார்.”

கட்டத்துக்குள் விழும் வரி: ‘லீடுடன் தனிப்பட்ட உரசல்’. சொன்னதில் ஒன்றைக்கூட எச்.ஆர். சரிபார்க்க முடியாது. பக்கத்து சீட்காரரோ தன் ராஜினாமாவைத் தானே சொல்லும் வாய்ப்பை இழந்துவிட்டார்.

அதே பெண் முதல் நாள் இரவு டைம்ஷீட்டைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“ஜனவரியிலேர்ந்து ஜூன் வரைக்கும் 11 சனிக்கிழமை வந்திருக்கேன் மேடம், டைம்ஷீட்ல இருக்கு. காம்ப்-ஆஃப் கிடைச்சது 3. மீதி 8-க்கு போர்ட்டல்ல ரெண்டு தடவை போட்டேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு. ரிலீஸ் தேதி முடிவு பண்ணும்போது டெஸ்டிங்குக்குன்னு நாள் ஒதுக்கறதே இல்ல. அதனாலதான் எல்லாம் சனிக்கிழமைக்கு வந்து நிக்குது.”

இங்கே லீடு நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. எச்.ஆர். இரண்டே நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய எண்களும், நிறுவனம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு நடைமுறையும் இருக்கின்றன. கட்டத்துக்குள் போகும் வரியும் கிட்டத்தட்ட அதுவேதான். நிறுவனத்தின் விதிகள் இடம் கொடுத்தால் அந்த 8 நாளைக் கணக்கு முடிக்கும்போது கேட்கவும் வழி உண்டு.

வேலையைத் திருடிக்கொண்டதை ஏன் சொல்லவில்லை? அதுதான் அதிகம் வலித்திருக்கும். ஆனால், கையில் காட்ட ஒன்றுமில்லாத குற்றச்சாட்டு கூடவே வரும் உண்மைகளின் எடையையும் குறைத்துவிடும். ‘கோபத்தில் போகிறார்’ என்று ஒருமுறை தோன்றிவிட்டால், 11 சனிக்கிழமையும் கோபக் கணக்கில் சேர்ந்துவிடும். வேண்டுமானால், ‘டெஸ்ட் ரிப்போர்ட்டை எழுதினவங்களே கிளையன்ட் கால்ல பேசினா நல்லா இருக்கும்’ என்று யோசனையாகச் சொல்லலாம்.

கான்ஃபிடென்ஷியல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சொன்னவை காலாண்டுக்கு ஒருமுறை தொகுக்கப்பட்டு மேலதிகாரிகளிடம் போவது வழக்கம்; பெயர் இருக்காது. ஆறு பேர் கொண்ட டீமில் அந்தக் காலாண்டில் விலகியவர் ஒரே ஒருவர் என்றால், பெயர் இல்லாமல் என்ன பிரயோஜனம்?

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்றால், கிளம்புகிறவரின் குடுமி இன்னும் பழைய அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. ரிலீவிங் லெட்டர் அவர்கள் தர வேண்டும். கணக்கையும் அவர்கள் முடிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால், 30 நாள், 45 நாள் என்று இழுப்பது பல நிறுவனங்களில் நெடுநாள் பழக்கம். புது நிறுவனம் அமர்த்தும் சரிபார்ப்பு ஏஜென்சியும் பழைய எச்.ஆருக்குத்தான் மெயில் அனுப்பும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, மறுபடி எடுப்பீர்களா.

“எங்க ஜாயின் பண்றீங்க? எவ்வளவு தர்றாங்க?” என்ற கேள்வியும் சிரித்துக்கொண்டே வரும். பதில் சொல்லும் கடமை இல்லை. “ஜாயின் பண்ணினதும் சொல்றேன் மேடம்” என்றால் போதும்.

பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வருவதும் ஆபத்துதான். பிறகு எப்போதாவது புகார் கொடுக்க நேர்ந்தால், ‘போகும்போது எல்லாம் திருப்தி என்று எழுதினாரே’ என்று அந்தப் படிவத்தையே எடுத்து நீட்டுவார்கள். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியைக் காலியாக விடலாம். இந்த நேர்காணலைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த அறை சரியான இடமே அல்ல. பாலியல் தொல்லை நடந்திருந்தால் எக்ஸிட் இன்டர்வியூவில் சொல்வது சட்டப்படி புகார் ஆகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். வேலையை விட்டுவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. ஆனால், நாள் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். 90 நாள் நோட்டீஸ் முடியட்டும், கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவருக்கு அந்த மூன்று மாதம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

25 நிமிடம் போனபின் எச்.ஆர். லேப்டாப்பை மூடிக்கொண்டு, “வேற ஏதாவது?” என்பார். இதுவரை கட்டுப்பாடாகப் பேசியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. மூடிய லேப்டாப்பைப் பார்த்ததும் இனி பேசுவது கணக்கில் வராது என்று தோன்றிவிடும், எச்.ஆர். தன் சீட்டுக்குப் போய் அதையும் சேர்த்தே எழுதுவார். நம் பெருங்குடிப் பெண் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளுகிறார். “இல்ல மேடம். அந்த 8 காம்ப்-ஆஃப் விஷயத்தை மட்டும் ஒரு மெயிலா போட்டுடறேன், பதிலை என் பர்சனல் ஐடிக்கு அனுப்பிடுங்க.” நாளை மறுநாள் மாலை ஆறு மணிக்கு அலுவலக மெயில் முடக்கப்பட்டுவிடும். அதனால் மெயிலை அன்று மதியமே எழுதி அனுப்பிவிடுகிறார்.