போனஸ் அறிவிப்பு: கைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில்?

போனஸ் அறிவிப்பு கையில் கிடைத்ததும் ஊழியர் அதில் தேடுவது இரண்டு செய்திகளை. வரி போகக் கைக்கு எவ்வளவு வரும்? அது எந்தத் தேதியில் கணக்கில் ஏறும்? பல நிறுவனங்களின் அறிவிப்புகளில் இந்த இரண்டும்தான் மங்கலாக இருக்கும். 2025 தீபாவளியையொட்டி ஒரு நிறுவனம் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“கடந்த நிதியாண்டின் சிறப்பான செயல்பாட்டைப் பாராட்டும் விதமாக, ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் ரூ.1,00,000 போனஸ் வழங்க நிர்வாகம் மகிழ்ச்சியுடன் முடிவு செய்துள்ளது. சட்டப்படியான பிடித்தங்களுக்கு உட்பட்டு இத்தொகை தீபாவளிக்கு முன் வழங்கப்படும்.”

இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் லட்ச ரூபாயை முழுதாக எதிர்பார்ப்பார்கள். பணம் வந்த அன்று சம்பளப் பிரிவுக்கு வரிசையாகத் தொலைபேசி அழைப்புகள் வரும். காரணம், “சட்டப்படியான பிடித்தங்கள்” என்ற இரண்டு சொற்களுக்குள் ஆளுக்கொரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

போனஸுக்கென்று தனி வரி விகிதம் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அதுவும் சம்பளமே. நிறுவனம் ஒவ்வொரு ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தையும் மதிப்பிட்டு, அதற்கான வரியை மாதந்தோறும் பிடித்துவருகிறது. இதுதான் டி.டி.எஸ். இடையில் போனஸ் சேர்ந்தால் ஆண்டு வருமானம் கூடும், மொத்த வரியும் கூடும். அந்தக் கூடுதல் வரியைத்தான் நிறுவனம் பிடிக்கிறது. ஆகவே ஒரே தொகை போனஸ் வாங்கும் இருவருக்குப் பிடித்தம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் மூன்று பேரின் கணக்கைப் பார்க்கலாம். மூவருக்கும் சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லை. போனஸ் வரும் என்று முன்கூட்டி மதிப்பிட்டு யாரிடமும் வரி பிடிக்கப்படவும் இல்லை.

முதலாமவரின் மாதச் சம்பளம் ரூ.60,000. போனஸோடு சேர்த்து ஆண்டுக்கு ரூ.8,20,000. இந்த முறையில் நிலையான கழிவு ரூ.75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ.12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு முழு வரித் தள்ளுபடி உண்டு. எனவே இவருக்குப் பிடித்தமே இல்லை. லட்ச ரூபாயும் கைக்கு வரும்.

மூன்றாமவரின் மாதச் சம்பளம் ரூ.1,25,000. போனஸுக்கு முன்பே ஆண்டு முழுவதற்கும் ரூ.97,500 வரி கட்ட வேண்டியவர். போனஸ் சேர்ந்ததும் அது ரூ.1,13,100 ஆகிறது. வித்தியாசம் ரூ.15,600. இது போனஸ் விழும் அடுக்கின் 15 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்த தொகை. கைக்கு ரூ.84,400 வரும்.

இரண்டாமவரின் நிலைதான் விளக்கம் கேட்பது. இவர் சம்பளம் மாதம் ரூ.1,00,000. இதுவரை ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கப்படாதவர். போனஸ் சேர்ந்ததும் ஆண்டு வருமானம் ரூ.13 லட்சம், கழிவு போக ரூ.12,25,000. தள்ளுபடி வரம்பை ரூ.25,000 தாண்டிவிடுகிறார். அடுக்குப்படி கணக்கிட்டால் வரி ரூ.63,750 வரும். ஆனால் வரம்பைச் சற்றே தாண்டுபவர்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை இருக்கிறது: வரம்புக்கு மேலான வருமானம் எவ்வளவோ, அதைவிட வரி கூடக் கூடாது. அதன்படி வரி ரூ.25,000, செஸ் ரூ.1,000, ஆக ரூ.26,000. கைக்கு வருவது ரூ.74,000. தன்னைவிட அதிகம் சம்பாதிப்பவருக்கு ரூ.84,400 கிடைக்கும்போது தனக்கு ஏன் குறைந்தது என்று இவர் கேட்பார். முன்கூட்டியே விளக்கம் இல்லாவிட்டால் சம்பளப் பிரிவு தவறு செய்துவிட்டதாகவே நினைப்பார்.

இங்கே நிறுவனம் முடிவு செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. கூடுதல் வரி முழுவதையும் போனஸிலேயே பிடிக்கலாம். அல்லது மார்ச் வரையுள்ள மாதங்களின் சம்பளத்தில் பிரித்துப் பிடிக்கலாம், ரூ.26,000 என்றால் அக்டோபரிலிருந்து ஆறு மாதங்களுக்கு மாதம் ஏறத்தாழ ரூ.4,333. எந்த வழி என்பதை அறிவிப்பே சொல்ல வேண்டும். பிரித்துப் பிடிப்பதைச் சொல்லாமல் விட்டால், போனஸ் முழுதாக வந்ததென்று மகிழ்ந்தவர் மாதக் கடைசியில் சம்பளம் குறைந்திருப்பதைக் கண்டு திகைப்பார்.

அடுத்தது தேதி. “தீபாவளிக்கு முன்” என்பது தேதி ஆகாது. நிறுவனம் வங்கிக்கு உத்தரவு அனுப்பும் நாளும், ஊழியரின் கணக்கில் பணம் ஏறும் நாளும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அறிவிப்பில் இருக்க வேண்டியது இரண்டாவது நாள். என்.இ.எஃப்.டி. சேவை 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறது. எனவே விடுமுறையால் பணம் தாமதமாவது குறைவு. தாமதம் பெரும்பாலும் வருவது மூடப்பட்ட கணக்காலும் தவறான கணக்கு எண்ணாலும். அப்படித் திரும்பி வந்த பணத்தைச் சரிபார்த்து மறுபடி அனுப்ப நிறுவனத்துக்கு வேலை நாள் வேண்டும். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். அதற்கு முந்தைய இரு நாட்கள் சனி, ஞாயிறு. புதன்கிழமை அனுப்பினால் பிழை திருத்த வியாழனும் வெள்ளியும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துத் திருத்திய அறிவிப்பு இப்படி அமையும்:

“உங்கள் போனஸ் ரூ.1,00,000. இது வரிக்கு முந்தைய தொகை. 2025 அக்டோபர் 15, புதன் மாலை 6 மணிக்குள் உங்கள் சம்பளக் கணக்கில் வரவாகும்.

போனஸ் உங்கள் ஆண்டு வருமானத்தில் சேர்வதால் கூடும் வருமான வரி முழுவதும் இந்தத் தொகையிலேயே பிடிக்கப்படும். வேறு பிடித்தம் இல்லை. வரி ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தையும் தேர்ந்தெடுத்த வரி முறையையும் பொறுத்தது என்பதால் ஆளுக்கு ஆள் மாறும். இதுவரை வரி பிடிக்கப்படாத சிலருக்கும் இம்முறை பிடிக்கப்படலாம். உங்களுக்கான கணக்கு அக்டோபர் 13 அன்று தனிச் சீட்டாக வரும்.

வங்கிக் கணக்கு மாறியிருந்தால் அக்டோபர் 10க்குள் தெரிவிக்கவும். 16ஆம் தேதி காலை வரை பணம் வராவிட்டால் சம்பளப் பிரிவை அணுகவும்.”

பழைய அறிவிப்பின் பாராட்டு வரியை வைத்துக்கொள்ள விரும்பினால் அதைக் கடைசியில் சேர்க்கலாம். தனிநபர் கணக்குப் பொது அறிவிப்பில் வரக் கூடாது. அதிலிருந்து ஒருவரின் சம்பளத்தை மற்றவர் ஊகித்துவிட முடியும்.

தனிச் சீட்டில் இன்னொரு குறிப்பும் தேவை. அக்டோபரில் பிடித்த வரியை நிறுவனம் நவம்பர் 7க்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆனால் அந்தக் காலாண்டின் டி.டி.எஸ். விவரங்களைத் தாக்கல் செய்ய ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகே ஊழியரின் படிவம் 26ஏஎஸ்-இல் அது தெரியும். நவம்பரில் பார்த்துவிட்டு வரி கட்டப்படவில்லை என்று எவரும் முடிவுக்கு வர வேண்டாம். கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது ரீஃபண்டாகத் திரும்பும்.

வரி அடுக்குகளும் தள்ளுபடி வரம்பும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறக்கூடியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. எனவே சென்ற ஆண்டு அறிவிப்பைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பாமல், ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.