கடலடிக் குழாயில் அழுத்தம் ஏன் வளைந்து இறங்குகிறது

டீ வருவதற்குள் ஒரு குழாயின் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பால்டிக் கடலுக்கு அடியில், ரஷ்யாவின் வைபோர்க் பக்கத்திலிருந்து ஜெர்மனியின் லுப்மின் வரை போன நார்ட் ஸ்ட்ரீம் இரட்டைக் குழாய். நீளம் 1,224 கிலோமீட்டர். 2011-இல் அதில் எரிவாயு ஓடத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் வெடிவைத்து உடைத்தார்கள். அந்த அரசியல் இருக்கட்டும், நமக்கு வேண்டியது அதன் எஃகு.

உள்விட்டம் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றேதான், 1,153 மில்லிமீட்டர். ஆனால் சுவரின் தடிமன் ஒரே மாதிரி இல்லை. கரையோரப் பகுதியை விட்டுவிட்டால், ரஷ்யப் பக்கத்து முதல் 300 கிலோமீட்டருக்கு 34.4 மில்லிமீட்டர், அங்கிருந்து 675-ஆவது கிலோமீட்டர் வரை 30.9, மீதிக்கு 26.8. இந்த மூன்று துண்டுகளும் தாங்க வேண்டிய அழுத்தம் முறையே 220, 200, 177.5 பார். வழியில் எங்கேயும் கம்ப்ரசர் கிடையாது. ஆரம்பத்தில் கொடுக்கும் ஒரே தள்ளில் வாயு கடலைக் கடந்துவிட வேண்டும். போகப் போக அழுத்தம் குறைவதால், சுவரையும் மெலிதாக்கி எஃகை மிச்சம் பிடித்தார்கள்.

ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு குறையும்? நுழையும்போது 220, வெளியேறும்போது சுமார் 106 பார் என்று வைத்துக்கொள்வோம். 1,224 கிலோமீட்டரில் 114 பார் போய்விட்டது. உடனே கை நேர்கோடு போடத் துடிக்கும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்தால் 675-ஆவது கிலோமீட்டரில் 157 பார் வரும். உண்மையில் அங்கே இருப்பது 167-க்குப் பக்கம். பத்து பார் வித்தியாசம், அதுவும் ஆபத்தான பக்கத்தில். நேர்கோட்டை நம்பிச் சுவர் போட்டவர், தேவையானதை விட மெல்லிய எஃகைக் கடலில் இறக்கியிருப்பார்.

தண்ணீர்க் குழாய் என்றால் அந்த நேர்கோடு சரி. தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் கனஅளவு அநேகமாக மாறாது. அதனால் வேகம் மாறாது, மீட்டருக்கு இவ்வளவு உராய்வு என்ற கணக்கும் கடைசிவரை மாறாது. வாயு அப்படியில்லை. அழுத்தம் குறைந்தால் அது விரியும். ஆனால் நொடிக்கு எத்தனை கிலோ உள்ளே போகிறதோ, அத்தனை கிலோவே ஒவ்வொரு இடத்தையும் கடந்தாக வேண்டும். குழாயின் அகலமும் கூடவில்லை. எனவே விரிந்த வாயுவுக்கு வேகமாக ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. முழு அளவில் ஓடியபோது நார்ட் ஸ்ட்ரீமில் வாயு நுழைந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர், வெளியேறிய வேகம் 6.

ஒரு மீட்டர் நீளத்தில் உராய்வு தின்னும் அழுத்தம், அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. அழுத்தம் பாதியாகும்போது அடர்த்தியும் பாதியாகும், வேகம் இரட்டிக்கும், வேகத்தின் வர்க்கம் நான்கு மடங்காகும். பாதியை நான்கால் பெருக்கினால் இரண்டு. அதாவது அழுத்தம் பாதியான இடத்தில் கிலோமீட்டருக்கு ஆகும் இழப்பு இரட்டிக்கிறது. இழந்தது கூடக் கூட, இழக்கும் வேகமும் கூடுகிறது. விஷயம் முழுக்க இதுதான்.

இதைக் கணக்காக்குவதில் ஓர் அழகு இருக்கிறது. 220 பாரில் 1 பார் இழப்பதற்கு எவ்வளவு தூரம் ஆகிறதோ, அதே தூரத்தில் 110 பாரில் 2 பார் போகும். இப்போது வர்க்கங்களைப் பாருங்கள். 220-இன் வர்க்கத்திலிருந்து 219-இன் வர்க்கத்தைக் கழித்தால் 439. 110-இன் வர்க்கத்திலிருந்து 108-இன் வர்க்கத்தைக் கழித்தால் 436. கிட்டத்தட்ட ஒன்றேதான். அழுத்தம் வளைந்து இறங்கினாலும் அதன் வர்க்கம் நேர்கோட்டில் இறங்குகிறது:

P² = P₁² − (P₁² − P₂²) · x / L

இதில் P₁ நுழையும் அழுத்தம், P₂ வெளியேறும் அழுத்தம், x கடந்த தூரம், L மொத்த நீளம். 220-இன் வர்க்கம் 48,400, 106-இன் வர்க்கம் 11,236. இடையிலுள்ள 37,164-ஐத் தூரத்துக்குத் தகுந்தபடி பங்கிட்டு, வர்க்கமூலம் எடுத்தால் போதும். 300-ஆவது கிலோமீட்டரில் 198 பார் வருகிறது, 675-இல் 167. முதல் துண்டில் 100 கிலோமீட்டருக்கு 7 பார் அளவில் போனது, கடைசித் துண்டில் 11 பாராகிவிட்டது. சுவர் எங்கே மெலிகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலத்துக் குழாய்களில் இடையிடையே வால்வு நிலையங்களில் அழுத்தமானிகள் உண்டு. அவற்றின் அளவுகளை வர்க்கமாக்கித் தூரத்துக்கு எதிராகக் குறித்தால், விட்டம் மாறாத சீரான ஓட்டத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோடு ஓரிடத்தில் முறிந்து, அதற்கு முன் சரிவு அதிகமாகவும் பின் குறைவாகவும் இருந்தால், அங்கே வாயு வெளியேறுகிறது என்று பொருள். ஓரிடத்தில் படிபோலத் திடீரென்று இறங்கினால், ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அழுத்தத்தை அப்படியே வரைந்தால் ஏற்கெனவே வளைந்த கோட்டில் இந்த முறிவு கண்ணுக்குப் பிடிபடாது.

வெப்பநிலை மாறாது என்ற அனுமானம் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. மாறினால் அடர்த்தி அழுத்தத்தை மட்டும் பின்தொடராது. கம்ப்ரசரிலிருந்து வாயு சூடாகத்தான் வருகிறது, விரியும்போது குளிரவும் செய்கிறது. ஆனால் சுற்றிலும் சில டிகிரியில் நிற்கும் கடல், மிஞ்சிய சூட்டை வாங்கிக்கொண்டு, குறைந்ததைக் கொடுத்துவிடுகிறது. வாயு கடந்து முடிக்க மூன்று நாளுக்கு மேல் ஆவதால் அவகாசத்துக்குக் குறையில்லை. ஆரம்பத்துச் சூடான பகுதியில் மட்டும் கணக்கு கொஞ்சம் பிசகும். இவ்வளவு அழுத்தத்தில் வாயு இலட்சிய வாயு விதிப்படியும் நடப்பதில்லை, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவான இடத்தில் அடங்கிவிடும். நல்லவேளையாக 106-க்கும் 220-க்கும் இடையில் இந்தக் குறைவு பெரிதாக மாறாததால் வளைவின் உருவம் கெடுவதில்லை. 3 மீட்டரை 6 ஆக்க ஆகும் செலவையும் நான் சேர்க்கவில்லை, உராய்வுக்கு முன்னால் அது தூசு. சிறிய வெளியேற்றுக் குழாயில், ஒலியின் வேகத்தை நெருங்கிச் சீறும்போது, அதே செலவு பெரிதாகிவிடும், இந்தச் சூத்திரம் அங்கே உதவாது.

டீ வந்துவிட்டது. நிறைய பேர் கேட்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இன்னும் வாயு வேண்டுமானால் லுப்மின் முனையில் அழுத்தத்தை இன்னும் கீழே இறக்கி இழுத்துக்கொள்ளலாமே? ஓட்டத்தின் அளவு, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதைப் பொறுத்தது. 106-ஐ 50 ஆக்கினால் ஓட்டம் 11 சதவீதம்தான் கூடும். காகிதத்தில் பூஜ்யம் வரைக்கும் இறக்கினாலும் சுமார் 14 சதவீதம்தான். அந்தக் கூடுதலுக்கு விலை, வெளியே வரும் வாயுவை மறுபடி அழுத்தி ஜெர்மனியின் குழாய்களுக்குள் ஏற்றும் ஆற்றல். நுழைவாயிலில் 22 பாரைக் கூட்டி 242 ஆக்கினாலோ, சுமார் 13 சதவீதம் கூடிவிடும். ஆனால் அப்போது மூன்று துண்டுகளின் எஃகையும் தடிமனாக்க வேண்டியிருக்கும், அதை வடிவமைப்பு மேசையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.