கடல் கடந்த சொத்து – 7: மாதம் தவறாமல் வரும் வாடகை

போன வாரம் பட்டா மாறுதலைப் பார்த்தோம். இந்த வாரம் வீட்டுக்குள் போவோம்.

சொந்தக்காரர் பொறுப்பில் வீட்டை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும்: அவர் வீட்டை விற்றுவிட்டால்? விற்பது நடக்காத காரியமில்லை. ஆனால் பத்திரப்பதிவு, வில்லங்கச் சான்று என்று போகிற வழியெல்லாம் தடயம் விடும் காரியம் அது. தடயமே விடாமல் நடப்பது ஒத்தி. சென்னைப் பக்கம் லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்வார்கள். குடிவருபவர் மாத வாடகை தரமாட்டார். பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் இருப்பார். காலி செய்யும் அன்று அந்தத் தொகை முழுதாக அவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

பல குடும்பங்களில் நடப்பதை ஒன்றாக்கி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு திருச்சியில். உரிமையாளர் தோஹாவில் வேலை பார்க்கிறார். சாவி சித்தப்பா மகனிடம். "வீட்டப் பத்தி நீங்க கவலையே படாதீங்கண்ணே, மாசம் ஒம்பதாயிரத்துக்கு ஆள் வந்துருச்சு" என்று தம்பி சொல்கிறார். சொன்னபடி மாதம் பிறந்தால் 9,000 ரூபாய் வந்துவிடுகிறது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அண்ணனுக்கு நிம்மதி.

உண்மையில் தம்பி வீட்டை 7 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விட்டிருக்கிறார். அந்தப் பணத்திலிருந்துதான் மாதம் 9,000 தோஹாவுக்குப் போகிறது. வருடத்துக்கு 1,08,000. மூன்று வருடத்தில் 3,24,000. மீதி 3,76,000 தம்பியின் கடையிலோ, கடனிலோ, மகள் கல்யாணத்திலோ கரைந்துவிட்டது. திருடும் எண்ணத்தோடு அவர் தொடங்கியிருக்கவேண்டும் என்பதில்லை. சீக்கிரம் புரட்டி வைத்துவிடலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். மூன்றாவது வருடம் குடித்தனக்காரர் காலி செய்யப்போவதாகச் சொல்லும்போதுதான் 7 லட்சத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வருகிறது. அதன்பிறகு தம்பி போனை எடுப்பதில்லை. பணம் வராமல் குடித்தனக்காரர் நகர்வதில்லை. அவர் மேல் கோபப்படவும் நியாயமில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர் அவர்.

வில்லங்கச் சான்றில் இது ஏன் தெரியவில்லை? நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியைப் பதிவுப் பத்திரமாகத்தான் எழுத வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். நடைமுறையில் பத்துக்கு ஒன்பது பேர் முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தமாக எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பதிவாகாதது வில்லங்கத்தில் ஏறாது. அதனால் தோஹாவில் உட்கார்ந்து மாதாமாதம் tnreginet.gov.in தளத்தில் தேடினாலும் விற்பனை தெரியும், பதிவான அடமானம் தெரியும், இது தெரியாது.

கோளாறு தொடங்கிய இடம் பவர் பத்திரம். அண்ணன் இந்தியத் தூதரகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தூதரகம் சான்றளிப்பது கையெழுத்துக்குத்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அது பொறுப்பில்லை. வாசகத்தை ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் பத்திர எழுத்தர். அவரிடம் இருப்பது ஒரே மாதிரிப் படிவம்: "வாடகைக்கோ ஒத்திக்கோ விடவும், முன்பணம் பெறவும், ரசீது கொடுக்கவும், விற்கவும், அடமானம் வைக்கவும்…" வாடகை வசூலிக்க ஆள் வேண்டும் என்று போனவர் இத்தனைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். பிறகு குடித்தனக்காரர் அந்தப் பத்திரத்தின் நகலை நீட்டி, "உங்க ஆளுக்கு நீங்கதானே சார் அதிகாரம் கொடுத்தீங்க" என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று நழுவுவது கடினம்.

ஆகவே பொதுப் பவர் வேண்டாம். இந்த வீட்டுக்கு, இந்த வேலைக்கு என்று தனிப் பவர் போதும். மாத வாடகைக்கு விடலாம், எழுத்தில் ஒப்பந்தம் போடலாம், வீட்டு வரி கட்டலாம், இவ்வளவு ரூபாய் வரை பழுது பார்க்கலாம் என்று எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல் இல்லாத அதிகாரத்தையும் எழுதுங்கள்: ஒத்திக்கோ லீஸுக்கோ விட அதிகாரம் இல்லை, விற்க, அடமானம் வைக்க அதிகாரம் இல்லை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க அதிகாரம் இல்லை. பவர் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் போடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது வந்து சேர்ந்த தேதிக்குச் சாட்சி கூரியர் உறைதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

அடுத்தது பணம் வரும் வழி. 9,000 ரூபாய் யார் கணக்கிலிருந்து வந்தது என்று அண்ணன் ஒருநாள் பார்த்திருந்தால் போதும். தம்பி கணக்கிலிருந்து வந்திருக்கும். வாடகை குடித்தனக்காரர் கணக்கிலிருந்து நேராக உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வரவேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருபவர் 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்டவேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் "நீங்க தம்பிகிட்டயே கொடுத்துடுங்க" என்கிறார்கள். ஒத்திக்குக் கதவு திறப்பது அங்கேதான். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கலாம், கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அலைச்சல்தான், ஆனால் 7 லட்சத்தைவிடச் சின்ன அலைச்சல்.

வேறு அறிகுறிகளும் இருக்கின்றன. ஒப்பந்த நகலைக் கேட்டால் அனுப்பாமல் தள்ளிப்போடுவது. மூன்று வருடமாக வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாதது. குழாய் ஒழுகுகிறது என்றுகூடக் குடித்தனக்காரரிடமிருந்து ஒரு போன் வராதது. அவருடைய நம்பரே உங்களிடம் இல்லையென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

சந்தேகம் உறுதியானால் பவரை ரத்து செய்யலாம். ஆனால் ரத்துப் பத்திரம் எழுதி பீரோவில் வைத்தால் ரத்து ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவுப்படி முகவருக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான் அவரளவில் ரத்து. மூன்றாம் நபருக்கு, அவருக்குத் தெரிந்த நேரத்திலிருந்து. எனவே தம்பிக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட், குடித்தனக்காரருக்கு ஒரு கடிதம், சார்பதிவாளருக்கு ஒன்று, உள்ளூர்ப் பதிப்பில் ஒரு நாளிதழ் அறிவிப்பு. மூலப் பவர் பத்திரத்தையும் கையில் வாங்கிவிடவேண்டும். வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்க 213-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தம்பியே அந்த வீட்டில் குடியிருந்தால்? எத்தனை வருடம் இருந்தாலும் காவலுக்கு விடப்பட்டவருக்கு வீட்டில் உரிமை பிறக்காது என்று கோவா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. அங்கேயும் வீட்டில் இருந்தவர் உரிமையாளரின் உடன்பிறந்தவர்தான்.

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காதது. பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரருக்குச் சம்பளம் கொடுங்கள். வரி கட்ட வரிசையில் நிற்பதும், பிளம்பரைத் தேடுவதும், சுண்ணாம்பு அடிக்கையில் கூட நிற்பதும் அவருடைய நாட்கள். சும்மா பார்த்துக்கொள்பவரிடம் ரசீது கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும், அவரும் தன் உழைப்புக்கு ஈடாக எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். மாதம் ஒரு தொகை பேசி அவர் கணக்கில் போட்டுவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கை அனுப்பச் சொல்வது சண்டையாக மாறாது.

நிலத்தில் ஒத்தி வேறு மாதிரி. குத்தகையும் அதில் சேர்ந்துகொள்ளும். அது அடுத்த வாரம்.